அண்ணன் கல்யாண ரிசப்ஷனில் தங்கை பேசுவது எப்படி: ஒரு சின்ன வயசுக் கதை, அண்ணிக்கு ஒரு வரவேற்பு

நம் ஊர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தங்கைக்குப் பேச்சு என்று ஒரு இடமே கிடையாது, இருப்பதெல்லாம் வேலைதான். விளக்கு பிடிக்க வேண்டும், தாலி முடிச்சு போட வேண்டும், மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும், நடுவில் யாரோ கழற்றிக் கொடுத்த செயினையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். டொரண்டோ, லண்டன் பக்கம் இருக்கும் ஈழத் தமிழர் வீட்டு ரிசப்ஷன்களில் கூடப்பிறந்தவர்கள் பேசுவதற்கு நிகழ்ச்சி நிரலிலேயே நேரம் ஒதுக்குவது சகஜம். இங்கே இப்போதுதான் அந்தப் பழக்கம் வந்துகொண்டிருக்கிறது, அதனால் பெரும்பாலும் யாரோ ஒரு தொகுப்பாளர் "சிஸ்டர், ரெண்டு வார்த்தை" என்று மைக்கை நீட்டுவார், தங்கை "அண்ணன் ரொம்ப நல்லவர், அண்ணியும் ரொம்ப நல்லவங்க" என்று சொல்லிவிட்டு அழுதுவிடுவாள், கூட்டம் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடும்.

என் சித்தி மகள் ஒருத்திக்குப் போன வருஷம் இந்தப் பேச்சைத் தயார் செய்ய உதவினேன். அவளுடைய கதையையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன், அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். வீடு திருச்சி, பெண் வீடு சென்னை, அண்ணனுக்கும் இவளுக்கும் நாலு வயது வித்தியாசம்.

முதலில் எப்போது பேசுவது என்று முடிவு செய்யுங்கள்

எழுத உட்காருவதற்கு முன்னாலேயே இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பேச்சில் என்ன சொல்லலாம் என்பதே இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. சென்னைப் பக்கம் பல வீடுகளில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே ரிசப்ஷன் வைத்துவிடுகிறார்கள். அதாவது நீங்கள் மைக் பிடிக்கும்போது தாலி இன்னும் ஏறவில்லை. "எங்க வீட்டு மருமகளே, வருக" என்று அன்றைக்கு ஆரம்பித்தால், முன் வரிசையில் இருக்கும் யாராவது ஒரு பாட்டி "இன்னும் கல்யாணமே ஆகலையே" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார், சொல்வதில் நியாயமும் இருக்கிறது. முந்தின நாள் என்றால் பேச்சு முழுக்க "நாளைக்கு" என்ற சொல்லைச் சுற்றி இருக்கட்டும். காலையில் முகூர்த்தம் முடிந்து சாயங்காலம் ரிசப்ஷன் என்றால் இந்தச் சிக்கல் இல்லை, தாராளமாக "இன்னைக்குக் காலையிலிருந்து" என்று பேசலாம். முகூர்த்த நேரத்தில் மட்டும் யார் கேட்டாலும் பேச ஒத்துக்கொள்ளாதீர்கள். நாதஸ்வரம், மந்திரம், ஓமப் புகை, பந்திக்குக் கூப்பிடுகிற குரல் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒருவர் காதிலும் விழாது.

அடுத்தது, அந்தச் சாயங்காலத்துக்குள் எந்த நேரம். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வந்ததும் கீழே வரிசை கட்ட ஆரம்பித்துவிடும், பரிசு கொடுப்பதும் போட்டோ எடுப்பதும் அப்புறம் நிற்கவே நிற்காது. வரிசையில் நிற்பவர்கள் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார்கள், இந்தப் பேச்சு எப்போது முடியும் என்று பார்ப்பார்கள். வரிசை கரைந்த பிறகு பேசலாம் என்று தள்ளிப்போட்டால் மண்டபத்தில் பாதி நாற்காலி காலியாகியிருக்கும், மீதிப் பேர் பந்தியில் இடம் பிடிக்கப் போயிருப்பார்கள். அதனால் இருவரும் மேடை ஏறி, உட்கார்ந்து, முதல் இரண்டு குடும்பப் படங்கள் எடுத்து முடித்த உடனே பேசிவிடுவது நல்லது. ஒரு தம்பியையோ மச்சானையோ மேடைப் படிக்கட்டில் நிறுத்தி, "ரெண்டு நிமிஷம் இருங்க, தங்கச்சி பேசுறா" என்று வரிசையைப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். கச்சேரி அல்லது டிஜே வைத்திருந்தால் ஒலியமைப்பாளரிடம் அன்று மதியமே போய்ச் சொல்லிவிட வேண்டும். பின்னணியில் மெல்லிய பாட்டு ஓடட்டும் என்பார், வேண்டாம், முழுசாக நிறுத்தச் சொல்லுங்கள். வீடியோ எடுப்பவருக்கும் ஒரு வார்த்தை போய்ச் சேரட்டும், இல்லாவிட்டால் நீங்கள் பேசுகிற நேரம் பார்த்து அவர் கேமராவோடு சாப்பாட்டுக் கூடத்தில் இலையைப் படம் பிடித்துக்கொண்டிருப்பார்.

கதையைத் தேர்ந்தெடுப்பது

வேலையில் பாதி இதுதான், இதற்கு நேரம் செலவு பண்ணுங்கள். ஒரே ஒரு கதை. "சின்ன வயசுல நாங்க நிறைய சண்டை போடுவோம், ரிமோட்டுக்கு அடிச்சுப்போம், ஆனா பாசம் ஜாஸ்தி" என்பது கதையே இல்லை, அந்த மண்டபத்தில் இருக்கும் அத்தனை அண்ணன் தங்கைக்கும் பொருந்தும் வாக்கியம் அது. கதை என்றால் ஒரு நாள், ஒரு இடம், அதில் உங்கள் அண்ணன் கையால் செய்த ஒரு காரியம். அவர் எப்படிப்பட்டவர் என்று நீங்கள் சொல்லவே கூடாது. அந்தக் காரியத்தைச் சொன்னாலே கேட்பவர்களுக்குத் தெரிந்துவிட வேண்டும்.

என் தங்கை மூன்று கதையோடு வந்தாள். முதலாவது, அண்ணன் பத்தாம் வகுப்பில் கணக்கில் குறைந்த மார்க் எடுத்து ரேங்க் கார்டை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தது. சிரிப்பு வரும், சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்கு அவர் தன் அலுவலக மேலாளர் முன்னாலும் மாமனார் முன்னாலும் கோட் போட்டுக்கொண்டு நிற்பார், அவருடைய தோல்வியைச் சொல்லி அவரைச் சிரிக்க வைக்க வேண்டிய நாள் அது இல்லை. இரண்டாவது, அப்பாவுக்கு வேலை போன வருஷம் அண்ணன் பேப்பர் போட்டு இவளுக்கு டியூஷன் ஃபீஸ் கட்டியது. உண்மையில் மூன்றிலும் பெரிய கதை இதுதான், கேட்டபோது எனக்கே தொண்டை அடைத்தது. ஆனால் இதைச் சொன்னால் அப்பா அந்த மேடையில் தலை குனிய வேண்டியிருக்கும், அதுவும் சம்பந்தி வீட்டார் முன்னால். அண்ணனை உயர்த்துவதற்காக வீட்டில் இன்னொருவரைச் சின்னதாக்குகிற கதை எவ்வளவு நல்ல கதையாக இருந்தாலும் கல்யாண மேடைக்கு ஆகாது. அதை அண்ணியிடம் ஒரு நாள் தனியாகச் சொல்லிக்கொள், இப்போது வேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்டோம்.

மூன்றாவது ஒரு தீபாவளிப் பட்டாசுக் கதை. ரொம்பச் சாதாரணமானது என்று சொல்லத் தயங்கிக் கடைசியாகத்தான் சொன்னாள். அதைத்தான் வைத்துக்கொண்டோம், ஏன் என்று பேச்சைப் படிக்கும்போது தெரியும்.

உங்கள் கதை தேறுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் குடும்பத்தைத் தெரியாத ஒருவரிடம், பக்கத்து வீட்டு அக்காவோ அலுவலகத் தோழியோ, அதைச் சும்மா பேச்சுவாக்கில் சொல்லிப் பாருங்கள். நடுவில் அவர் "யாரு அது, உங்க பெரியப்பாவா?" என்று கேட்டால் கதையில் ஆள் அதிகம். முடித்ததும் "அப்புறம்?" என்று கேட்டால் முடிவு விழவில்லை என்று அர்த்தம். உங்கள் சொந்தக்காரர்களிடம் சொல்லிப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை, அவர்களுக்குக் கதை ஏற்கெனவே தெரியும், நீங்கள் ஆரம்பிக்கும்போதே சிரித்துவிடுவார்கள். மண்டபத்தில் பாதிப் பேர் பெண் வீட்டார் என்பதை மறக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் சிரித்து மறுபக்கம் முழித்தால் அந்த இடம் ரொம்ப நீளமாகத் தெரியும்.

பழைய காதல், குடி, சொத்துத் தகராறு, பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா, படுக்கையை நனைத்தது, இதெல்லாம் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் மைக் கைக்கு வந்தால் சிலருக்கு நாக்கில் சனி ஏறிவிடுகிறது.

அண்ணியிடம் முன்கூட்டியே பேசுங்கள்

என்ன பேசப் போகிறீர்கள் என்பதைச் சொல்ல வேண்டாம். சாதாரணமாக ஒரு போன் போட்டு, உங்களை என்ன சொல்லிக் கூப்பிடட்டும் என்று கேளுங்கள். அண்ணி, மதினி, மன்னி என்று வீட்டுக்கு வீடு வேறு, மேடையில் முதல் தடவையாக ஒன்றைச் சொல்லி அவர் நெளியக் கூடாது. உங்களுக்குத் தம்பி கல்யாணம் என்றால் பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள், அப்போதும் வீட்டில் கூப்பிடுகிற பெயரா, பத்திரிகையில் போட்ட பெயரா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அப்படியே பேச்சோடு பேச்சாக, கல்யாணத்துக்கு அப்புறம் எதை நினைத்தால் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது என்றும் கேட்டுப் பாருங்கள். நாங்கள் கேட்டதற்குக் கிடைத்த பதில், "உங்க வீட்ல எல்லாரும் காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க?" என்பது. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் புது வீட்டுக்குப் போகிற எந்தப் பெண்ணுக்கும் முதல் வாரம் முழுக்க மனதில் ஓடுவது இதுதான் என்று கல்யாணமான எல்லோருக்கும் தெரியும். வரவேற்புக்கான விஷயம் அங்கேயே கிடைத்துவிட்டது.

வரவேற்பு என்றால் என்ன

"வருக வருக" என்று சொல்வதற்கு மண்டபத்து வாசலில் பேனர் கட்டியிருக்கிறார்கள். தங்கை சொல்கிற வரவேற்பில் அண்ணிக்கு உபயோகமாக ஏதாவது இருக்க வேண்டும், அதாவது நாளைக்கு அந்த வீட்டில் அவர் எதையாவது செய்யலாம், அல்லது செய்யாமல் இருக்கலாம், அதற்கு நான் துணை இருக்கிறேன் என்கிற மாதிரி.

வழக்கமாகச் சொல்கிற சில வரிகளை ஏன் விட்டுவிட வேண்டும் என்று பாருங்கள். "இனிமே இதுதான் உங்க வீடு" என்றால், முன் வரிசையில் ஏற்கெனவே கைக்குட்டையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் அம்மாவுக்கு அது எப்படிக் கேட்கும்? "எங்க அண்ணனைப் பத்திரமா பாத்துக்கோங்க" என்பது வரவேற்பு மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது வேலை ஒப்படைப்பு. முப்பது வயது ஆள் தன்னைத்தானே பார்த்துக்கொள்வார். "சீக்கிரமே எனக்கு அத்தைங்கிற பட்டம் வேணும்" வேண்டவே வேண்டாம். நிறம், சமையல், நகை, சீர், இந்த நாலையும் நல்லதாகச் சொல்வதாக நினைத்துக்கூடத் தொடாதீர்கள். நாத்தனார் கொடுமை ஜோக்கும் அப்படித்தான், நீங்கள் நகைச்சுவையாகச் சொல்லலாம், பெண்ணின் சித்தி அதை வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வார்.

சொல்வதை நிறைவேற்ற முடிய வேண்டும் என்பதும் முக்கியம். என் தங்கை, காலையில் சீக்கிரம் எழ வேண்டியதில்லை என்று மேடையில் சொல்ல விரும்பினாள். அதற்கு முன் அவளுடைய அம்மாவிடம், அதாவது என் சித்தியிடம், போய்க் கேட்கச் சொன்னேன். சித்தி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "ஞாயித்துக்கிழமை மட்டும் சொல்லிக்கோ" என்றார். அதனால் பேச்சிலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மாமியார் ஒத்துக்கொள்ளாத சலுகையை நாத்தனார் மேடையில் அறிவித்தால், மறுநாள் சமையலறையில் மாட்டிக்கொள்வது அண்ணிதான்.

எழுதுவது

நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தால் தானாகவே மேடைத் தமிழ் வந்துவிடும். அவளுடைய முதல் வரைவு "அன்பும் பண்பும் அறிவும் ஒருங்கே அமையப்பெற்ற என் அருமை அண்ணனுக்கு" என்று ஆரம்பித்தது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பரிசு வாங்கின பிள்ளை, அவளைக் குறை சொல்ல முடியாது. அதை மூடி வைத்துவிட்டு, போனில் ரெக்கார்டரைப் போட்டுக் கதையை என்னிடம் வாயால் சொல்லச் சொன்னேன். பிறகு அதைக் கேட்டு, சொன்னபடியே எழுதிக்கொண்டு, நீளமான இடங்களை வெட்டினோம். "சொல்லுச்சு", "வந்துச்சு" என்று அவள் வீட்டில் அண்ணனைப் பற்றிப் பேசுகிற விதத்தையே வைத்துக்கொண்டோம். "அவன்" என்று சொன்னால் பெண் வீட்டுப் பெரியவர்களுக்கு உறுத்தும், "அவர்" என்று சொன்னால் அவளுக்கே வாயில் நுழையவில்லை. கடைசியில் நின்ற பேச்சு இது:

> எல்லாருக்கும் வணக்கம். நான் மாப்பிள்ளையோட தங்கச்சி. பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு அடையாளம் சொல்லணும்னா, நாளைக்குக் காலையில அண்ணன் முதல் முடிச்சு போட்டதும் மீதி ரெண்டு முடிச்சு போடப்போறது நான்தான். போட்டுட்டா அவுக்க முடியாது. அதனால அதுக்கு முன்னாடி அண்ணிகிட்ட ஒரு உண்மையைச் சொல்லிடணும்.
>
> நான் அப்ப மூணாவது படிச்சேன், அண்ணன் ஏழாவது. தீபாவளிக்கு அப்பா பட்டாசு வாங்கிட்டு வந்து ஆளுக்கு ஒரு மஞ்சப்பையில பிரிச்சுக் குடுப்பாங்க. புஸ்வாணம், சங்கு சக்கரம், கம்பி மத்தாப்பு எல்லாம் சரி பாதி. லட்சுமி வெடி மட்டும் மொத்தமும் அண்ணனுக்கு. ஏன்னா எனக்கு வெடின்னா பயம். இப்பவும் பயம்தான்.
>
> அந்த வருஷம் ரெண்டு பேரும் பையை மொட்டை மாடியில வெயில்ல வெச்சோம். அண்ணன் சாயங்காலம் தன்னோட பையை எடுத்து உள்ள வெச்சிடுச்சு. நான் மறந்துட்டேன். ராத்திரி மழை. தீபாவளிக்கு நம்ம ஊர்ல மழை வராம இருக்குமா? நான் தூங்கிட்டேன்.
>
> காலையில எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டு வந்து பையைத் தேடினா, உள்ளயே இருக்கு. கொளுத்தினா என் புஸ்வாணம் ஆள் உயரத்துக்குப் போகுது. அண்ணனோடது புஸ்ஸுனு புகைஞ்சு அணைஞ்சிடுது. ஒண்ணு இல்ல, எல்லாமே. நான் தெரு பூரா கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சேன். அண்ணன் ஒண்ணுதான் சொல்லுச்சு: "கம்பெனி சரியில்ல."
>
> மத்தியானம் என் பை காலியாகும்போது பார்த்தா, அடியில ஒரு கட்டு லட்சுமி வெடி கெடந்துச்சு. என் பையில லட்சுமி வெடி எப்படி வந்துச்சுன்னு அன்னைக்கு எனக்குப் புரியல. புரிஞ்சப்ப அண்ணன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போயிருச்சு.
>
> அண்ணி, இதுதான் உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சேன். அண்ணன் வாயைத் திறந்து எதையும் சொல்லாது. நீங்க கேட்டாலும் சொல்லாது. என்னைக்காவது "கம்பெனி சரியில்ல"ங்கிற மாதிரி ஏதாவது சொல்லி மழுப்பினா, நம்பாதீங்க. பையைத் திறந்து பாருங்க.
>
> அப்புறம் நீங்க என்கிட்ட ஒரு கேள்வி கேட்டீங்க, ஞாபகம் இருக்கா? எங்க வீட்ல காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்போம்னு. ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு முன்னாடி யாரும் எந்திரிக்கறதில்ல. நீங்களும் எந்திரிக்க வேண்டாம். அம்மாகிட்ட கேட்டுட்டேன். காபி நான் போடறேன். அத்தை, மாமா, நீங்க ஞாயித்துக்கிழமை வந்தா எட்டு மணிக்கு மேல வாங்க, உங்களுக்கும் சேர்த்துப் போடறேன்.
>
> வாங்க அண்ணி. நாளைக்கு ரெண்டு முடிச்சும் கெட்டியாப் போடறேன்.

நிறுத்தி நிதானமாகச் சொன்னால், சிரிப்புக்கு விட்ட இடைவெளியும் சேர்த்து, மூன்று நிமிடத்தைத் தாண்டவில்லை. அதற்கு மேல் போகவும் கூடாது.

சில இடங்களை ஏன் அப்படி வைத்தோம் என்று சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் தன்னை அறிமுகம் செய்துகொள்வதே முடிச்சை வைத்துத்தான். பல வீடுகளில் நாத்தனார் முடிச்சு வழக்கம் உண்டு, உங்கள் வீட்டில் இல்லையென்றால் விளக்குப் பிடிப்பதை வைத்துச் சொல்லலாம், மறுநாள் அவர்கள் உங்களைப் பார்க்கப் போகிற ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான். லட்சுமி வெடி முழுவதும் அண்ணனுக்குத்தான் என்பது முதலிலேயே, ஒரு தகவல் மாதிரி, சாதாரணமாக வந்துவிட வேண்டும். அங்கே அதைச் சொல்லாமல் விட்டால் பையின் அடியில் வெடி கிடந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும், அப்புறம் மேடையில் நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். கதையில் "அண்ணன் பையை மாற்றி வைத்தது" என்ற வாக்கியம் எங்கேயும் இல்லை, கவனித்தீர்களா? அவள் ரெக்கார்டரில் சொன்னபோது இருந்தது. வெட்டிவிட்டோம். கேட்பவர்களே கண்டுபிடிக்கிற அந்த ஒரு நொடிக்காகத்தான் இந்தக் கதையை எடுத்தோம், அதை நாமே சொல்லிவிட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை. "போயிருச்சு" என்று முடித்ததும் மூன்று எண்ணும் வரை சும்மா நிற்க வேண்டும் என்று தாளில் குறித்துக் கொடுத்தேன். பாதிப் பேருக்கு அந்த மூன்று எண்ணிக்கைக்குள் புரியும், மீதிப் பேர் அவர்களைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

"உங்களுக்கு நல்ல கணவர் கிடைத்திருக்கிறார்" என்ற வரியும் இல்லை. அதற்குப் பதில், இந்த ஆளோடு வாழப்போகிறவருக்கு உபயோகமான ஒரு துப்பு இருக்கிறது. பெண்ணின் அப்பா அம்மாவையும் ஒரு வரியில் உள்ளே கொண்டுவந்தோம், காபிக்கு. அவர்கள் மகளைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பது அதிலேயே வந்துவிடுகிறது.

பெண் வீட்டார் தெலுங்கோ மலையாளமோ பேசுகிறவர்கள் என்றால், கதையைத் தமிழிலேயே சொல்லுங்கள், கடைசி இரண்டு வரியை மட்டும் அவர்கள் மொழியில் கற்றுக்கொண்டு சொல்லலாம். உச்சரிப்பை அண்ணியிடம் கேட்காமல் அவருடைய தம்பி தங்கையிடம் கேட்டுச் சரி பார்த்துக்கொண்டால் ஆச்சரியமும் கெடாது. வீட்டில் அப்பாவோ அம்மாவோ இல்லாதவர்கள், அவர்களைக் கதைக்குள் ஒரு ஆளாகக் கொண்டுவருவது நல்லது, "அப்பா பட்டாசு வாங்கிட்டு வந்து" என்கிற மாதிரி. "இன்னைக்கு அப்பா இருந்திருந்தா" என்று ஆரம்பித்தால் அதற்கு மேல் நீங்களும் பேச முடியாது, அண்ணனும் நிமிர்ந்து நிற்க முடியாது.

பேசிப் பார்ப்பதும் மேடையும்

மனப்பாடம் வேண்டாம். ஒரு வரி மறந்தால் மொத்தமும் போய்விடும். கதை உங்களுக்கு நடந்தது, அது எப்படியும் வரும். முதல் வரி, "கம்பெனி சரியில்ல" மாதிரியான வரி, கடைசி வரி, இந்த மூன்றை மட்டும் அட்சரம் பிசகாமல் வைத்துக்கொண்டால் போதும். ஒரு கெட்டி அட்டையில் பெரிய எழுத்தில் குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். போனைப் பார்த்துப் படிக்கலாம் என்று நினைப்பீர்கள், ஆனால் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் தங்கை போன் சும்மா இருக்குமா? நடுப் பேச்சில் பூக்காரர் கூப்பிடுவார். போன்தான் வேண்டும் என்றால் ஏரோபிளேன் மோடில் போட்டு, திரை அணையாதபடி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு தடவையாவது நின்றுகொண்டு, பட்டுப்புடவை இல்லாவிட்டாலும் ஒரு புடவை கட்டிக்கொண்டு, ஒரு கையில் கரண்டியும் இன்னொரு கையில் அட்டையுமாகப் பேசிப் பாருங்கள். வளையல் மைக்கில் இடித்தால் ஒவ்வொரு அசைவுக்கும் ஸ்பீக்கரில் சத்தம் கேட்கும், அதனால் மைக் பிடிக்கிற கையில் கண்ணாடி வளையலைக் குறைத்துக்கொள்ளலாம். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் தாடைப் பக்கம், நாலு விரல் இடைவெளியில் பிடித்தால் "ப", "ஹ" எல்லாம் வெடிக்காது. மண்டபங்களில் எதிரொலி இருக்கும். உங்கள் குரலே தாமதமாகத் திரும்பிக் கேட்டால் வேகம் கூட்டத் தோன்றும், அப்போது குறைக்க வேண்டும். ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நிற்காதீர்கள், கிறீச்சிடும்.

எங்கே பார்ப்பது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். கதை சொல்லும்போது கூட்டத்தைப் பாருங்கள், அண்ணனைப் பார்க்காதீர்கள். அவர் கண் கலங்கினால் உங்களுக்கும் அடைக்கும். "அண்ணி" என்று சொல்கிற இடத்தில் மட்டும் உடம்போடு திரும்பி அவரைப் பார்த்துப் பேசுங்கள், கூட்டத்தை மறந்துவிட்டு. அழுகை வந்தால் வரட்டும், ஆனால் அழுதுகொண்டே பேசாதீர்கள், ஒரு வார்த்தையும் புரியாது. நிறுத்தி, மைக்கைக் கீழே இறக்கி, மூச்சு விட்டுவிட்டு அடுத்த வரியிலிருந்து தொடருங்கள், விட்ட வரியைத் திரும்பப் பிடிக்க வேண்டாம். ஒரு தண்ணீர் பாட்டிலை மேடை ஓரத்தில் வைக்கச் சொல்லியிருந்தால் அப்போது கை கொடுக்கும்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் வரும் வரை மைக் செத்துப்போனால் கத்தாதீர்கள், கதை நடுவில் என்றால் அப்படியே நின்று காத்திருந்து, கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை ஒரு தடவை திரும்பச் சொல்லி ஆரம்பியுங்கள். கூட்டம் எதிர்பார்த்த இடத்தில் சிரிக்கவில்லை என்றாலும் விளக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுங்கள்.

முடித்ததும் மைக்கை நேராகத் தொகுப்பாளர் கையிலோ ஒலியமைப்பாளர் கையிலோ கொடுத்துவிட்டு இறங்குங்கள். பக்கத்தில் நிற்கும் சித்தப்பா கையை நீட்டுவார், கொடுத்துவிடாதீர்கள், அவர் "நானும் ரெண்டு வார்த்தை" என்று ஆரம்பித்தால் படிக்கட்டில் வரிசையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தம்பியின் கதி அதோகதிதான்.